செங்கோட்டைக் காற்றில் டோர் குளோசர்: மூன்று சாரலுக்குப் பிறகு

ஆரியங்காவு கணவாய்க் காற்று நேராக வந்து மோதும் எங்கள் மேற்கு வாசல். உள்பக்கம் திறக்கும் தேக்குக் கதவு, அகலம் 1050 மி.மீ., எடை சுமார் 55 கிலோ. அது தானாக மூட மாட்டியிருக்கும் 3-ம் அளவு டோர் குளோசரைப் பற்றித் தென்காசி நண்பர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லது. மூன்று சாரலும் மூன்று கோடையும் தாண்டியும் ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. காற்றில்லாத நாளில் கதவு மெத்தென்று வந்து நிற்கிறது. இந்த விலைக்கு இது பெரிய விஷயம்.

என் கோபமெல்லாம் கடைசிப் பத்து டிகிரியில்தான். ஜூன் வந்தால் கதவு நிலைக்கு நாலு விரல் முன்னால் நின்றுவிடும், பூட்டின் நாக்கு விழாது. உடனே எல்லோரும் குளோசரின் இரண்டு வேக ஸ்க்ரூக்களில் இரண்டாவதைத் தளர்த்துகிறார்கள். அந்த ஸ்க்ரூ பலம் தராது. எண்ணெய் போகும் வழியைக் கூட்டிக் குறைக்கிறது, அவ்வளவுதான். தள்ளுவது ஸ்பிரிங். தளர்த்தி வைத்தால் காற்று ஓய்ந்ததும் கதவு படாரென்று அடிக்கும். வெயிலில் எண்ணெய் இளகும்போது இன்னும் மோசம்.

சரியான வரிசை இது. குளோசரின் கையைக் கழற்றிவிட்டு, கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஈரத்தில் மரம் உப்பி நிலையில் உரசினாலோ, நாக்கு தகட்டுத் துளைக்கு நேராக வராவிட்டாலோ, முதலில் ஆசாரி வேலைதான். உரசல் இல்லையென்றால் கையை மாட்டி, 90 டிகிரி திறந்து விடுங்கள். மூடி முடிய 5 முதல் 7 விநாடி போதும். முதல் ஸ்க்ரூ பெரிய வீச்சுக்கு, இரண்டாவது கடைசி நெருக்கத்துக்கு. சில கம்பெனிகளில் இது மாறியிருக்கும், எனவே ஒன்றைக் கொஞ்சம் திருப்பி எந்தப் பகுதி மாறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் திருப்பினால் மெதுவாகும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஸ்க்ரூ உடம்பைவிட்டு வெளியே நீட்டும் அளவுக்குத் தளர்த்தினால் எண்ணெய் பீய்ச்சும், அதோடு குளோசர் போச்சு.

இத்தனை செய்தும் காற்றில் நாக்கு விழாவிட்டால் ஸ்பிரிங் போதவில்லை என்று அர்த்தம். என் கதவில் அதுதான். கடையில் கிலோவை மட்டும் கேட்டுக் கொடுக்கிறார்கள். 3-ம் அளவு 60 கிலோ வரை தாங்கும் என்பது சரி, ஆனால் அகலம் 950 மி.மீ. வரைதான். 1050-க்கு 4-ம் அளவு வேண்டும், காற்று வாசல் என்றால் அதற்கும் ஒரு படி மேல். அட்டையில் அகலமும் அச்சாகியிருக்கும்போது அதைச் சொல்லாமல் விற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

எனவே நண்பருக்கு: உள் அறைக் கதவுக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மேற்கு வாசலுக்கு, எவ்வளவு நல்ல பொருளாக இருந்தாலும், வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் பலத்தை ஓரத்து ஸ்க்ரூவால் கூட்டக்கூடிய, 3 முதல் 6 வரை என்று போட்டிருக்கும் வகையை வாங்குங்கள். பலத்தைக் கூட்டினால் கதவு வேகமெடுக்கும், இரண்டு வேக ஸ்க்ரூவையும் மறுபடி சரிசெய்யுங்கள்.