மினி யுபிஎஸ் வாங்கிய பிறகு பழுதான ரவுட்டர்: ஓராண்டு அனுபவம்

மதுரையில் எங்கள் வீட்டு ரவுட்டர் மூன்று ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சென்ற அக்டோபரில் அதற்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கி மாட்டினேன். தொல்லை அதன் பிறகுதான் தொடங்கியது. அதுவரை வாரத்துக்கு ஒருமுறையாவது மின்வெட்டு வந்து அதை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தது என்பதும், உள்ளே இருந்த குறை அதனால் மறைந்தே இருந்தது என்பதும் எனக்குப் பின்னர்தான் புரிந்தது.

ஜனவரியில், தொடர்ந்து 86 நாட்கள் ஓடியபின், முதல் முறையாக இணையம் நின்றது. அவசரத்தில் அணைத்துப் போட்டேன், சரியாகிவிட்டது. ஆனால் பெரும்பாலான ரவுட்டர்கள் பதிவேட்டைத் தற்காலிக நினைவகத்திலேயே வைத்திருப்பதால், அணைத்த கணத்தில் காரணத்தைச் சொல்லும் சான்றும் அழிந்துபோனது. அன்றிலிருந்து, எஸ்எஸ்எச் வழியே உள்ளே நுழைய இந்த மாதிரி இடம் தருவதைப் பயன்படுத்தி, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கீழ்க்கண்டவற்றைப் பார்த்துக் குறித்து வைத்தேன்.

```
uptime
grep -E 'MemAvailable|SUnreclaim' /proc/meminfo
cat /sys/class/thermal/thermal_zone0/temp
```

வெப்ப அளவு ஆயிரத்தால் பெருக்கப்பட்டு வரும். 68000 என்றால் 68 டிகிரி செல்சியஸ். நினைவகத்தைப் பொறுத்தவரை `MemFree` குறைவாகத் தெரிவதைக் கண்டு பதற வேண்டியதில்லை, ஏனெனில் லினக்ஸ் சும்மா கிடக்கும் இடத்தைத் தற்காலிகச் சேமிப்புக்கு எடுத்துக்கொண்டு, கேட்கும்போது திருப்பித் தந்துவிடும். உண்மையில் எவ்வளவு மிச்சம் என்பதை ஏறத்தாழச் சொல்வது `MemAvailable`.

ரீஸ்டார்ட் செய்தவுடன் 52 எம்பி இருந்த அந்த எண், 30ஆம் நாள் 38, 60ஆம் நாள் 23, 85ஆம் நாள் 11 என்று இறங்கியது. வீட்டில் ஆள் இருந்தாலும் ஊருக்குப் போயிருந்தாலும் நாளொன்றுக்குச் சுமார் அரை எம்பி போய்க்கொண்டே இருந்தது. அதே காலத்தில், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தனக்கென எடுத்துக்கொண்டு திருப்பித் தர முடியாத இடத்தைக் காட்டும் `SUnreclaim` 14இலிருந்து 55 எம்பிக்கு ஏறியிருந்தது. குறைந்த 41 எம்பி அப்படியே அங்கே சேர்ந்திருந்ததால், கசிவு ஏதோ ஒரு செயலியில் இல்லை, கெர்னலில் அல்லது வைஃபை டிரைவரில்தான் இருக்கிறது என்று கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே தனித்தனிச் செயலிகளை நிறுத்தித் தொடங்குவதில் பயனில்லை.

இதற்குள் ஏப்ரல் வந்து குழப்பத்தை இரட்டிப்பாக்கியது. டிவி அலமாரிக்குள், செட்டாப் பாக்ஸின் தலைமேல் இருந்த ரவுட்டர் பிற்பகல்களில் 88 டிகிரியைத் தொட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அறுந்து அறுந்து வந்து, மாலையில் தானாகவே சீரானது. அதைச் சுவரில், நான்கு பக்கமும் காற்றுப் படும்படி மாட்டியதும் வெப்பம் 70க்கு இறங்கியது. அந்த அறுபடலும் நின்றது. சிக்கல் தீர்ந்தது என்று நினைத்த இரண்டாம் நாள், ஒரு காலை வேளையில், இணையம் மறுபடியும் நின்றது. அது 88ஆம் நாள்.

இம்முறை அணைக்காமல் பார்த்தேன். மடிக்கணினியிலிருந்து `ping 8.8.8.8` கொடுத்தால் பதில் வந்தது. பெயரைத் தட்டினால் எந்தத் தளமும் திறக்கவில்லை. புதிதாக இணைந்த கைபேசிக்கு ஐபி முகவரியே கிடைக்கவில்லை. `dmesg` காட்டிய வரி இது:

```
Out of memory: Kill process 1432 (dnsmasq)
```

பெயரை முகவரியாக மாற்றுவதும் புதிய கருவிகளுக்கு முகவரி வழங்குவதும் அந்த ஒரே செயலியின் வேலை. இடம் தீர்ந்தபோது கெர்னல் அதைப் பலி கொடுத்திருக்கிறது.

நிறுவனத்தின் தளத்தில் புதிய ஃபர்ம்வேர் இருந்தது. அதன் குறிப்பில் 'நிலைத்தன்மை மேம்பாடு' என்று மட்டும் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். வைஃபை டிரைவரில் நினைவகக் கசிவு திருத்தப்பட்டது என்று தனி வரியே இருந்தது. அமைப்புகளைச் சேமித்துக்கொண்டு, லேன் கேபிள் வழியே ஏற்றினேன். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஃபர்ம்வேர் ஏற்றும்போது ரவுட்டர் எப்படியும் ரீஸ்டார்ட் ஆகும்; அதனால் எந்தத் திருத்தமும் இல்லாத பதிப்பைப் போட்டாலும் முதல் சில வாரங்கள் அருமையாகவே ஓடும். பழைய பதிப்பு 86 நாட்களில் நின்றதென்றால், புதியதைப் பற்றி அதற்கு முன் தீர்ப்புச் சொல்ல முடியாது; எண்களையாவது பார்க்க வேண்டும். என்னுடையதில் 40ஆம் நாள் `SUnreclaim` 15 எம்பியில் நின்றது. இன்று 140ஆம் நாளிலும் அதே அளவுதான். வெப்பத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. அதைக் குறைத்தது சுவரில் அடித்த இரண்டு ஆணிகள்தான்.

அக்கா வீட்டிலும் இதே மாதிரிதான். அடிப்பக்க ஒட்டியில் வன்பொருள் பதிப்பு எண் மட்டும் வேறு. அந்தப் பதிப்புக்குத் திருத்தம் வெளிவரவில்லை, என்னுடையதை அதில் ஏற்றினால் ரவுட்டர் உயிரிழக்கவும் கூடும். எனவே ஞாயிறுதோறும் அதிகாலை 4 மணிக்குத் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்துக் கொடுத்தேன். அரை எம்பிக் கசிவுக்கு மாதம் ஒருமுறையே போதும். அதன் அமைப்புப் பக்கத்தில் வாரக் கணக்கு மட்டுமே இருந்தது.