பிரமிடா, ட்ரைபீக்ஸா? முன்கூட்டியே கணக்குப் போட முடிகிற ஆட்டம் எது

தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் ஆடுவதற்கு ஃபோனில் ஒரே ஒரு சீட்டாட்டம் போதும் என்று முடிவு செய்தேன். இரண்டையும் ஆடிப் பார்த்துவிட்டு பிரமிடை வைத்துக்கொண்டேன், ட்ரைபீக்ஸை எடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டிலும் பலகையில் 28 சீட்டுகள், மிச்சம் 24-ம் புரட்டுவதற்கான கட்டு. ட்ரைபீக்ஸில் கட்டிலிருந்து புரட்டிய சீட்டுக்கு ஒன்று கூடவோ குறையவோ உள்ளதைப் பலகையிலிருந்து எடுத்து அதன் மேலே போட்டுக்கொண்டே போக வேண்டும். 7-க்கு மேல் 6 அல்லது 8. பிரமிடில் கூட்டினால் 13 வரும் ஜோடியை நீக்க வேண்டும். ஏஸ் 1, ஜாக்கி 11, குயின் 12. கிங் 13 என்பதால் தனியாகவே போய்விடும். கீழே இருந்து எதுவும் மூடாத சீட்டுகளைத்தான் தொடலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: சீட்டு பிரித்ததும் எவ்வளவு தூரம் யோசிக்க முடிகிறது என்பது. ட்ரைபீக்ஸில் வழக்கமாக அடிவரிசையின் 10 சீட்டுகள்தான் திறந்திருக்கும். மூன்று மலைகளிலும் உள்ள 18 சீட்டுகள் கவிழ்ந்திருக்கும். பிரமிடில் 28-ம் திறந்தே இருக்கும். ஒவ்வொரு எண்ணிலும் நான்கு சீட்டுகள்தானே? பலகையில் மூன்று 8 தெரிந்தால், கட்டில் ஒரே ஒரு 8 இருக்கிறது என்று அர்த்தம். கட்டில் என்னென்ன இருக்கின்றன என்பது புரட்டாமலே தெரியும், எந்த வரிசையில் வரும் என்பது மட்டும்தான் தெரியாது.

இதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம். உச்சியில் 5 இருக்கிறது. அதற்கு ஜோடி 8. மற்ற 27 சீட்டுகளும் போன பிறகுதான் உச்சி திறக்கும். அப்படியானால் பிரமிடுக்குள் இருக்கும் எந்த 8-ம் அதற்கு உதவாது, அவை முன்பே போயாக வேண்டும். நான்கு 8-ம் பிரமிடுக்குள்ளேயே மாட்டியிருந்தால் அந்த ஆட்டத்தை ஜெயிக்கவே முடியாது. பிரித்த அந்த நிமிடமே வேறு ஆட்டம் போட்டுவிடலாம்.

மூன்று 8 உள்ளே, ஒன்று கட்டில் என்று வைத்துக்கொள்வோம். கட்டில் வரும் அந்த 8 உச்சிக்கென்றே ஒதுக்கப்பட்டது. உள்ளே இருக்கும் மூன்று 8-க்கும் மீதி மூன்று 5-தான் துணை. இப்போது கட்டைப் புரட்டும்போது அந்த 8 வருகிறது, அடிவரிசையில் ஒரு 5 திறந்து கிடக்கிறது. கை தானாகச் சேர்க்கப் போகும். சேர்த்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, ஆனால் கடைசியில் உச்சி மட்டும் தனியாக நிற்கும்போதுதான் அது கண்ணில் படும். அந்த 5-ஐ விட்டுவைத்து, உள்ளே இருக்கும் ஒரு 8 திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த 5 எந்த 8-ஐ மூடிக்கொண்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தான் மூடியிருக்கும் 8-உடன் அது ஜோடி சேர முடியாது, வேறு 8 வேண்டும்.

உச்சி மட்டுமில்லை, மேல் வரிசைகளில் எந்தச் சீட்டுக்கும் இதே கணக்குதான். அதைத் தாங்கி நிற்கும் முக்கோணத்துக்குள் அதன் ஜோடிகள் எத்தனை சிக்கியிருக்கின்றன என்று எண்ணிவிட்டு ஆரம்பித்தால் போதும்.

ட்ரைபீக்ஸில் யோசனையே இல்லை என்று சொல்ல மாட்டேன். புரட்டிய சீட்டு 7. பலகையில் 6, 7, 8, 9 திறந்திருக்கின்றன. முதலில் 8, 9 என்று போனால், 10-ஓ இன்னொரு 8-ஓ திறந்தாலொழிய அங்கேயே நின்றுவிடும். 6, 7, 8, 9 என்று போனால் நான்கும் போகும். ஆனால் கவிழ்ந்திருக்கும் அடுத்த சீட்டு நிமிர்ந்ததும் போட்ட கணக்கு மாறிவிடும். மயிலாப்பூரில் இருக்கும் என் அத்தைக்கு இதுதான் பிடிக்கும். "சும்மா விறுவிறுன்னு போகணும்டா, உக்காந்து எண்ணிண்டு இருக்கறதுக்கு நான் என்ன பேங்க்லயா இருக்கேன்?" என்பார். கிண்டியில் கூட்டம் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்கும்போது அவர் சொல்வது சரிதான். எல்லாச் சீட்டும் திறந்தே வரும் ட்ரைபீக்ஸ் வகையும் உண்டு. அதை நான் அதிகம் ஆடியதில்லை, அதில் என் வாதம் வலுவிழக்கலாம்.

பிரமிடை எடுப்பவர்கள் அமைப்புகளில் ஒன்றை மட்டும் பாருங்கள்: கட்டை எத்தனை முறை புரட்டலாம் என்பது. மூன்று முறை என்றால், ஒதுக்கி வைத்த 8 திரும்பவும் கைக்கு வரும். ஒரே முறை என்றால் அதன் மேல் விழும் ஒவ்வொரு சீட்டையும் தீர்த்தால்தான் அதை எடுக்க முடியும். மூன்று முறையில் ஆரம்பியுங்கள், ஜோடி எண்ணும் பழக்கம் வந்த பிறகு ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம்.