அரபி மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்: மங்கலான போட்டோவால் வாரிசுச் சான்றிதழில் பெயரும் தேதியும் மாறிப்போன கதை

கடலூர், புதுச்சேரி பக்கம் நிறைய வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருப்பார், அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். எங்கள் சித்தப்பா ரியாத்தில் வேலையில் இருக்கும்போதே தவறிவிட்டார். கம்பெனியிலிருந்து வரவேண்டிய பாக்கியை வாங்க வாரிசுச் சான்றிதழை அரபியில் மொழிபெயர்த்து அனுப்பச் சொன்னார்கள். தாலுகா ஆபீஸில் வாங்கிய சான்றிதழ், முழுக்கத் தமிழ், ஒரே பக்கம். சித்தி அதைப் பத்திரமாக லேமினேட் பண்ணி வைத்திருந்தார்.

புதுச்சேரியில் ஒரு மொழிபெயர்ப்புக் கடையில் விசாரித்தோம். "நேர்ல வரவே வேணாம்மா, வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புங்க போதும்" என்றார்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஹாலில் டியூப்லைட் வெளிச்சத்தில் சித்தியின் மகன் போட்டோ எடுத்து அனுப்பினான். கடைக்காரர் தெளிவாக இல்லை என்றும் சொல்லவில்லை, ஒரிஜினலையும் கேட்கவில்லை. மறுநாளே சீல் போட்ட அரபிக் காகிதம் வந்தது, 1,200 ரூபாய் கொடுத்தோம். எங்களில் யாருக்கும் அரபி தெரியாது.

ஐந்து வாரம் கழித்து ரியாத்திலிருந்து சித்தப்பாவின் நண்பர் போன் செய்தார். மூத்த மகனின் பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை, இறந்த தேதி இறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை, காகிதத்தைத் திருப்பிவிட்டார்கள் என்றார். சித்தி அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

கடைக்கு நேரில் போனேன். எந்தத் தமிழை வைத்து மொழிபெயர்த்தீர்கள் என்று காட்டச் சொன்னேன். முதலில் மழுப்பினார்கள், அப்புறம் கம்ப்யூட்டரில் காட்டினார்கள். படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருளில் போட்டோவைப் போட்டு, வந்த எழுத்தை அப்படியே எடுத்து அரபியாக மாற்றியிருக்கிறார்கள், நடுவில் ஒருவர்கூட ஒரிஜினலோடு வைத்துப் பார்க்கவில்லை. மகனின் உண்மைப் பெயரை இங்கே போட விருப்பமில்லை, குமரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் இருந்தது இதுதான்:

```
குமான்
18.08
```

சான்றிதழில் இருப்பது குமரன், 13.08. அதைச் சொன்னதும், "மெஷின்ல வந்ததுதாங்க அது, நீங்க அனுப்புன போட்டோ அப்படி" என்றார் கடைக்காரர். போட்டோ அப்படி இருந்தது உண்மைதான். அதைப் பார்த்த உடனே வேறு போட்டோ கேட்டிருக்க வேண்டியது காசு வாங்கியவரின் வேலை. திருத்திக் கொடுக்க இன்னொரு 600 ரூபாய் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை.

இந்தத் தவறு ஏன் வருகிறது என்று பிறகு டிடிபி வேலை பார்க்கும் என் தோழி உட்கார வைத்து விளக்கினார். அச்சில் ர என்ற எழுத்தையும் துணைக்காலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் அடியில் சாய்வாக இறங்கும் அந்தச் சின்ன வால் மட்டும்தான். வெளிச்சம் குறைந்தால் போன் கேமரா அதிக நேரம் திறந்திருந்து படம் பிடிக்கும், கை லேசாக ஆடினாலும் கோடு இழுபடும். இருட்டில் படத்தில் புள்ளி புள்ளியாகத் தூசு மாதிரி விழும், அதைப் போனே வழித்து மழுப்பும்போது மெல்லிய வாலும் சேர்ந்து போய்விடும். அப்புறம் ஓசிஆர் மென்பொருள் பல நேரம் படத்தை முதலில் கறுப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிரிக்கும். சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும் வால் வெள்ளைப் பக்கம் விழுந்தால் ர இல்லை, கால்தான். 3-இன் இடது பக்கத் திறப்பு கறுப்புப் பக்கம் விழுந்தால் அது மூடிக்கொண்டு 8 ஆகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளியும் இப்படித்தான் காணாமல் போகும், செல்வி என்பது செலவி என்று வந்து நிற்கும்.

வாட்ஸ்அப் வேறு படத்தைச் சுருக்கிவிடுகிறது. சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சல்தான் மிஞ்சும். ஏ4 தாளின் உயரம் 11.7 அங்குலம், ஆக அங்குலத்துக்கு 137 பிக்சல்தான், அதுவும் தாள் படம் முழுக்க நிறைந்திருந்தால். ஓசிஆருக்கு 300 இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு.

இதில் என்னை அதிகம் பயமுறுத்தியது வேறு. எழுத்து புரியாவிட்டால் மென்பொருள் பெரும்பாலும் காலி இடம் விடுவதில்லை, எது கிட்டத்தட்ட ஒத்துப்போகிறதோ அதைப் போட்டுவிடுகிறது. சாதாரண வார்த்தை தப்பாக வந்தால் வாக்கியம் இடிக்கும், கண்ணில் படும். பெயரும் எண்ணும் அப்படி இடிக்காது. 18 என்பதும் சரியான தேதிதானே.

அரபிக்குப் போனபிறகு நாம் கண்டுபிடிக்க வழியே இல்லை. அங்கே குறில் உயிரொலிகளைப் பொதுவாக எழுத மாட்டார்கள், பெயரைத் தாங்குவது மெய்யெழுத்துகள்தான், அதில் ர் போய்விட்டால் அது வேறு ஆள். எண்களாவது புரியும் என்று நினைத்தேன். அந்தக் காகிதத்தில் இருந்தவை அரபு நாட்டு வடிவ எண்கள். அதில் 8 என்பது கூரை மாதிரி கவிழ்த்த ஆங்கில V, 5 என்பது நம்முடைய சுழி மாதிரி ஒரு வட்டம், சுழியம் வெறும் ஒரு புள்ளி. தேதியில் அந்தக் கூரை இரண்டு தடவை கண்ணெதிரே இருந்தும் எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது தடவை வேறு ஒருவரிடம் கொடுத்தோம். லேமினேஷன் பளபளப்பில் ஸ்கேனர் வெளிச்சம் பட்டு ஒரு வரி வெளுத்துப்போனதால் போட்டோதான் எடுத்தோம். காலை பத்து மணிக்குத் திண்ணையில், நேர் வெயில் படாத இடத்தில், ஃபிளாஷ் அணைத்து, போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து, எழுத்தின் மேல் விரலால் தொட்டு ஃபோகஸ் வைத்து எடுத்தது. தாளின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் இரண்டு படமாக எடுத்து, வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினோம், அப்படி அனுப்பினால் சுருங்காது.

படத்திலிருந்து எடுத்த தமிழை மொழிபெயர்க்கும் முன்னால் எங்களுக்குக் காட்ட வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். அவர் அனுப்பியதைப் பிரிண்ட் எடுத்து, சித்தி ஒரிஜினலைப் பார்த்து எழுத்தெழுத்தாகப் படிக்க, நான் பிரிண்டில் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தேன். பெயரை முழுதாகப் படித்தால் மனசே சரியாகப் படித்துவிடும், அதனால் கு, ம, ர, ன் என்று உடைத்துத்தான் படிக்க வேண்டும். எண்களைக் கடைசியிலிருந்து முன்னால் படித்தோம். தேதியை இறப்புச் சான்றிதழோடும் வயதை ஆதாரோடும் வைத்துப் பார்த்தோம். நல்ல படத்திலேயே ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, ஊர்ப் பெயரில். வாரிசுகளின் பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துப்படி தனியாக எழுதிக் கொடுத்தோம்.

அரபியில் வந்தபிறகு, பரங்கிப்பேட்டையில் அரபி சொல்லிக்கொடுக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினோம். அவர் பெயர்களையும் எண்களையும் மட்டும் வாய்விட்டுப் படித்தார், நாங்கள் தமிழோடு ஒத்துப் பார்த்தோம். பத்து நிமிட வேலை, காசு வாங்க மறுத்துவிட்டார்.

புதுக் காகிதம் போன வாரம் ரியாத் போய்ச் சேர்ந்திருக்கிறது. முதல் கடை இன்னும் 1,200 ரூபாயைத் திருப்பித் தரவில்லை. நீங்கள் கொடுக்கப்போகும் கடையில், எடுத்த எழுத்தை மொழிபெயர்க்கும் முன் காட்டுவீர்களா என்று கேளுங்கள். தயங்கினால் அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.