ஃபாக் மெஷினா, ஹேஸரா, விடியற்காலைப் பனியா?

படத்தில், காற்றில் ஒளிக்கீற்று தெரிய வேண்டும், முகமும் துலக்கமாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்க ஒரே வழிதான் உண்டு: புகை ஆளுக்குப் பின்னால் இருக்கட்டும், லென்ஸுக்கும் ஆளுக்கும் நடுவில் உள்ள காற்றில் வெளிச்சம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வழிகளையும் நான் இதை வைத்துத்தான் எடைபோடுவேன்.

ஃபாக் மெஷின் கிளைகால் கலந்த திரவத்தைச் சூடாக்கிக் கொத்துக் கொத்தாகப் புகை கக்கும். கதவிடுக்கில் புகை நுழைவது, மேடையில் மேகம் எழுவது போன்ற காட்சிகளுக்கு அதுவே சரி. ஒளிக்கீற்றுக்கு அது முரட்டுக் கருவி. அறையைப் புகையால் நிரப்பிய உடனே படமெடுத்தால் ஒரு ஷாட்டில் முகத்துக்கு முன்னால் வெள்ளைத் திட்டு நிற்கும், அடுத்த ஷாட்டில் அது தோளுக்குப் போயிருக்கும். எடிட்டிங்கில் இரண்டும் ஒட்டாது.

ஹேஸர் மிக நுண்ணிய துளிகளைத் தொடர்ந்து மெல்ல விடுகிறது. அவை கீழே இறங்காமல் நெடுநேரம் காற்றில் பரவி நிற்கும். உள்ளரங்கில் ஒரு சின்ன அறையில் ஜன்னல் வழியே விழும் கீற்றோடு ஒருவரைப் படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். என் தேர்வு ஹேஸர்தான். ஃபாக் மெஷின் மட்டுமே கையில் இருந்தால், ஆளில்லாத மூலையைப் பார்த்து இரண்டு மூன்று விநாடி மட்டும் விட்டு, மின்விசிறியால் கலக்கி, விசிறியை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். கீற்றுக்குள் சுருள் சுருளாக ஏதாவது நகர்ந்தால் இன்னும் கலக்கவில்லை என்று அர்த்தம். கீற்று ஒரே சீராக, அசையாத கண்ணாடிப் பலகை போலத் தெரியும்போது ஆரம்பிக்கலாம்.

அந்த அறையில் வேலை செய்யும் வரிசை முக்கியம். புகை விடுவதற்கு முன்பே, தெளிந்த காற்றில், கண்ணில் ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிட்டு, ஆள் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். ஆட்டோஃபோகஸ் கான்ட்ராஸ்ட்டைத் தேடித்தான் வேலை செய்கிறது. புகை அதைத்தான் கரைக்கிறது. லென்ஸ் முன்னும் பின்னுமாகத் தடவிவிட்டுக் கடைசியில் கீற்றின் விளிம்பில் போய் நின்றுவிடும்.

பிறகு விளக்கு. ஆளின் பின்பக்கம் சாய்வாக ஒரு விளக்கு, கேமராவுக்கு நேரே விழாதபடி. இந்தத் துளிகள் ஒளியைப் பெரும்பாலும் அது போகும் திசையிலேயே சிதறடிப்பதால்தான் பேக்லைட்டில் கீற்று பளிச்சென்று தெரிகிறது. முகத்துக்கான விளக்கைக் கேமராவின் பக்கத்திலிருந்து அடித்தால் நடுவிலுள்ள புகையும் சேர்ந்து வெளுக்கும். அதைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, சாஃப்ட்பாக்ஸில் கிரிட் மாட்டி, வெளிச்சம் முகத்தில் மட்டும் விழும்படி செய்யுங்கள். கேமரா மேல் பொருத்திய ஃப்ளாஷ் இங்கே ஆகவே ஆகாது.

புகை மிஞ்சிவிட்டதா என்று கண்ணை நம்பாதீர்கள், கண் பழகிவிடும். ஆளுக்கு அருகே ஒரு கறுப்புத் துணி தொங்கவிட்டு கேமராவின் ஹிஸ்டோகிராமை, அதாவது இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். புகை இல்லாதபோது இடது ஓரத்தைத் தொட்ட மேடு இப்போது ஓரத்தை விட்டு வலப்பக்கம் நகர்ந்திருந்தால், கறுப்பு சாம்பலாகிவிட்டது. கொஞ்சம் நகர்ந்தால் அதுதான் நீங்கள் தேடிய மென்மை. நிறைய நகர்ந்தால் கதவைத் திறந்துவிடுங்கள்.

விடியற்காலைப் பனியின் அழகை எந்த மெஷினும் தராது. அத்தனை ஆழமும் அத்தனை பரப்பும் அறைக்குள் வராது. ஆனால் அதை ஆளுக்குப் பின்னால் மட்டும் நிறுத்த முடியாது; எங்கும் நிறைந்திருக்கிறது. நம் கையில் இருக்கும் ஒரே வழி, தூரத்தைக் குறைப்பதுதான். பனியில் தூரம் கூடக்கூட கான்ட்ராஸ்ட் வேகமாகக் குறைகிறது. அதனால் டெலி லென்ஸோடு தள்ளி நிற்காமல், அகலமான லென்ஸோடு ஆளை நெருங்கிப் போங்கள். முகம் தெளிவாக வரும், பின்னால் மரங்கள் அடுக்கடுக்காகக் கரையும்.

அமைதியான, மேகமில்லாத இரவுக்குப் பிறகு, தாழ்வான நிலத்திலும் நீர்நிலையோரத்திலும் பனி தங்கும்; வெயில் ஏறினால் போய்விடும். ஆகவே சூரியன் வருவதற்கு முன்பே இடத்தில் இருங்கள். கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் வெண்பனியைச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் அளவுக்குக் கூட்டி வையுங்கள். குளிர்ந்த ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக ஈரக்காற்றுக்குள் எடுத்தால் கண்ணாடியில் நீர் படியும், அதைப் பனி என்று நினைத்து ஏமாறுவோம். பையை மூடியபடியே அரைமணி நேரம் முன்னதாக வெளியே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

மெஷினுக்கும் ஒரு விலை உண்டு. புகை உணரும் அலாரம் இதையும் தீயென்று நினைத்து அலறும். அதை நீங்களாகவே அணைத்துவிடாமல் கட்டடப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். எண்ணெய் ஹேஸர் லென்ஸில் மெல்லிய படலம் படியவைக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை லென்ஸைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்துத் துடையுங்கள். ஆஸ்துமா உள்ளவர் யாராவது இருந்தால், அன்றைக்கு மெஷினை எடுக்கவே வேண்டாம்.