டீசல் லோடு: கண்ட லிட்டரா, 15 டிகிரி லிட்டரா, எடையா?

டேங்கர் லாரியில் மொத்தமாக டீசல் வாங்குபவருக்கு அளவைச் சரிபார்க்க மூன்று வழிகள் உள்ளன. லாரி வந்து நின்ற வெப்பநிலையில் டிப் ராடு காட்டும் லிட்டரை அப்படியே ஏற்கலாம். அந்த லிட்டரை 15 டிகிரி செல்சியஸுக்கு மாற்றி ஒப்பிடலாம். அல்லது எடை மேடையில் நிறுத்தி எடை பார்க்கலாம். பேருந்து நிறுவனங்களும் ஆலைகளும் பெரும்பாலும் முதல் வழியோடு நின்றுவிடுகின்றன. அது எந்த இழப்பைக் காட்டாமல் விடுகிறது என்பதை ஒரு லோடை வைத்துப் பார்க்கலாம்.

விடியற்காலையில் டிப்போவில் 12,000 லிட்டர் டீசல் 30 டிகிரியில் ஏற்றப்படுகிறது. 15 டிகிரியில் அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 830 கிலோ என்று இன்வாய்ஸில் உள்ளது. வெயிலில் ஓடி வந்த லாரியின் டீசல் பிற்பகலில் 33 டிகிரியைக் காட்டுகிறது. டிப் அளவு மிகச் சரியாக 12,000 லிட்டர். முதல் வழியில் போகிறவர் திருப்தியோடு கையெழுத்திடுவார். ஆனால் இத்தகைய டீசல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 0.88 லிட்டர் விரியும் என்பதால், மூன்று டிகிரி கூடிய அந்த லோடு 12,032 லிட்டராக இருந்திருக்க வேண்டும். அளவு ‘சரியாக’ இருப்பதே 32 லிட்டர் குறைந்திருப்பதைக் காட்டுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. 33 டிகிரியில் ஏற்றிய லோடு இரவில் ஓடி 30 டிகிரியில் வந்து சேர்ந்தால், ஒரு சொட்டும் குறையாமலேயே டிப் 11,968 லிட்டரைத்தான் காட்டும். அன்று ஓட்டுநர் மீது விழும் பழி அநியாயமானது. கண்ட லிட்டரை மட்டும் நம்பும் இடங்களில் குற்றம் செய்யாதவர் மாட்டிக்கொள்வதும், செய்தவர் வெயிலின் தயவில் தப்புவதும் இப்படித்தான். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

இரண்டாவது வழியில், ஏற்றிய அளவும் இறக்கும் அளவும் தனித்தனியே 15 டிகிரிக்கு மாற்றப்படுகின்றன. ஹைட்ரோமீட்டரில் கண்ட அடர்த்தியை ஏ.எஸ்.டி.எம். 53பி அட்டவணை 15 டிகிரி அடர்த்தியாக்கும். அந்த அடர்த்திக்கும் டீசலின் வெப்பநிலைக்கும் உரிய திருத்தக் காரணியை 54பி தரும். நம் லோடுக்கு 30 டிகிரியில் காரணி 0.9870, 33 டிகிரியில் 0.9844. ஏற்றியது 11,844 லிட்டர், வந்தது 11,813 லிட்டர் என்று இரண்டும் ஒரே அளவுகோலில் நின்றுவிடுவதால், 31 லிட்டர் குறைவை வெயிலின் மேல் போட முடியாது.

இந்த வழியின் பலவீனம் வெப்பமானியில் இருக்கிறது. ஒரு டிகிரி பிழையாகப் படித்தால் இந்த லோடில் பத்து லிட்டர் பிசகும். மூடியைத் திறந்து மேல்பரப்பில் மட்டும் தொட்டுப் பார்ப்பதும், மாதிரியை ஜாடியில் எடுத்து வெயிலில் வைத்துவிட்டு அந்த ஜாடியின் வெப்பநிலையையே லாரியின் வெப்பநிலையாக எழுதுவதும் அடிக்கடி நடக்கும் தவறுகள். வெப்பமானியை ஒவ்வொரு கம்பார்ட்மெண்டிலும் நடு ஆழம்வரை இறக்கி, அளவு நிலைத்த பிறகே படிக்க வேண்டும். ஜாடியின் வெப்பநிலை அடர்த்தியைத் திருத்த மட்டுமே உதவும். அவ்வாறு கிடைக்கும் 15 டிகிரி அடர்த்தி இன்வாய்ஸிலிருந்து 3 கிலோவுக்கு மேல் விலகினால், அளவை விட்டுவிட்டு முதலில் கலப்படத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

எடை வழி கொள்கையளவில் மிகத் தூய்மையானது, ஏனெனில் வெப்பம் எடையை மாற்றாது. ஆயினும் காணாமற்போன 31 லிட்டரின் எடை சுமார் 26 கிலோதான். 20 கிலோ படியில் எண் காட்டும் மேடையில், லோடோடும் காலியாகவும் இருமுறை நிறுத்தி எடுத்த கணக்கில் அந்த வித்தியாசத்தை உறுதியாகப் பிரித்தறிய முடியாது. லாரியின் சொந்த டேங்கில் எரிந்த டீசலும் இறங்கிப்போன கிளீனரும் கணக்கைக் குழப்புவார்கள். பெரிய திருட்டைப் பிடிக்க அது போதும். இந்த அளவுக்குப் போதாது.

ஆகவே லோடைச் சரிபார்க்க நான் 15 டிகிரி லிட்டரையே தேர்வேன். விலை பேசும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. 30 டிகிரியில் கண்ட ஒரு லிட்டர், 15 டிகிரி லிட்டரைவிட 1.3 சதவீதம் குறைவான டீசலைக் கொண்டது. ஒருவர் கண்ட லிட்டருக்கும் மற்றவர் 15 டிகிரி லிட்டருக்கும் விலை சொன்னால், இரண்டையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவராமல் எது மலிவு என்று சொல்ல இயலாது. விற்பவரின் மீட்டர் தானாகவே வெப்பநிலைத் திருத்தம் செய்கிறதா என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். திருத்திய எண்ணை அட்டவணையால் மீண்டும் திருத்தினால், வராத குறைவு ஒன்று ஒவ்வொரு லோடிலும் 150 லிட்டர் அளவுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.