மொய் விருந்து: 10 ஆண்டில் மூன்று முறை வைத்த அனுபவம்

பேராவூரணிப் பக்கம் ஆடி பிறந்தால் வீட்டுக்கு வீடு மொய் விருந்துப் பத்திரிகை வந்து குவியும். கல்யாணம், காதுகுத்து என்று எந்த விசேஷமும் தேவையில்லை. பணம் தேவைப்படுகிற நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பந்தலைப் போட்டு, ஆட்டுக்கறிக் குழம்போடு சாப்பாடு போடும். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு, யாருக்கு மொய் செய்ய வந்தார்களோ அவர் மேசையில் எழுதிவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் 2013, 2018, 2023 என்று மூன்று முறை வைத்துவிட்டோம். அடுத்தது 2028-இல். முதல் இரண்டு முறை நோட்டில் எழுதினோம், மூன்றாவது முறை கம்ப்யூட்டரில் பில் போட்டோம். இதில் இறங்க நினைக்கிறவர்களுக்கும், வெளியூரிலிருந்து இதை வேடிக்கையாகப் பார்க்கிறவர்களுக்கும் நான் கண்டதைச் சொல்கிறேன்.

முதல் முறை எங்களுக்கு வந்தது 4,12,500 ரூபாய். 286 பேர் எழுதியிருந்தார்கள். பந்தல், ஆடு, அரிசி, சமையல் கூலி என்று எங்கள் பங்குக்கு 46,000 போனது. மீதியில் தென்னந்தோப்பில் ஆழ்குழாய் போட்டு மோட்டார் இறக்கினோம். வட்டி இல்லாமல் மூன்றரை லட்சம் கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன். அப்பா மட்டும் சிரித்துவிட்டு, நோட்டில் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

அவர் பிரித்துக்கொண்டிருந்தது பழசையும் புதுசையும். வந்த பணத்தில் 1,58,000 அவர் அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஊர் ஊராகப் போய்ச் செய்த மொய். அது எங்கள் பணம்தான், சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. மீதி 2,54,500 தான் புதுசு, அதாவது கடன். செலவு 46,000 இந்த இரண்டிலும் சேராது, அது போனது போனதுதான். மொய் விருந்தில் எவ்வளவு விழுந்தது என்று ஊரில் பேசிக்கொள்ளும் தொகையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். புதுசு எவ்வளவு, பழசு எவ்வளவு என்று அன்று இரவே பிரித்து எழுதாத வீடு, ஐந்து ஆண்டு கழித்துத்தான் தன் நிலைமையைத் தெரிந்துகொள்ளும்.

ஒரே ஒருவர் கணக்கைச் சொன்னால் முறை விளங்கும். எங்களுக்கு எரு வண்டி ஓட்டிய மாமா ஒருவர், உறவில்லை, பழக்கத்தில் மாமா. 2013-இல் 1,000 புதுசாக வைத்தார். 2015-இல் அவர் விருந்து வைத்தபோது நாங்கள் 1,500 எழுதினோம். அதில் 1,000 அவருடைய பழசு, 500 எங்கள் புதுசு. 2018-இல் எங்கள் விருந்தில் அவர் 1,000 எழுதினார். எங்கள் 500 தீர்ந்து, அவருடைய 500 எங்களிடம் நின்றது. 2020-இல் அவர் முறை, ஆனால் கொரோனா ஊரடங்கில் பந்தலே போட முடியவில்லை. 2022-இல் வைத்தார். நாங்கள் 1,500 எழுதியதில் 500 போக 1,000 எங்கள் புதுசு. 2023-இல் அவர் 2,000 எழுதினார். இன்றைக்கு நாங்கள் அவருக்குத் தரவேண்டியது 1,000.

மூன்று விருந்திலும் சேர்த்து அவர் எங்களுக்கு எழுதியது 4,000, நாங்கள் அவருக்கு எழுதியது 3,000. எந்த நேரத்திலும் ஒருவர் மற்றவருக்குத் தரவேண்டியது 1,000 ரூபாயைத் தாண்டவே இல்லை. ஆனால் நமக்குத் தேவைப்படும் ஆண்டில் 2,000 மொத்தமாகக் கைக்கு வருகிறது, அதே நாளில் இன்னும் 400 பேரிடமிருந்தும் வருகிறது. மொய்யின் பலன் அவ்வளவுதான், அது சின்னதும் இல்லை. புதுசு சேர்த்து எழுதாமல் பழசை மட்டும் திருப்பிவிட்டால் கணக்கை முடித்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், அடுத்த பத்திரிகை மட்டும் வராது.

சரி, நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2013-இல் மொய் எழுத உட்கார்ந்தது நானும் சித்தப்பா மகனும். கூட்டம் நெருக்கியபோது பெயரையும் ஊரையும் மட்டும் எழுதிக்கொண்டே போனோம். ‘முருகேசன், ஆவணம், 500’ என்று ஒரு வரி. ஆவணம் என்பது எங்கள் பக்கத்து ஊரின் பெயர், அந்த வரிக்கும் அந்தப் பெயரின் பொருளுக்கும் சம்பந்தமில்லாமல் போனதுதான் வேடிக்கை. அந்த ஊரில் எங்களுக்குப் பழக்கமான முருகேசன் மூன்று பேர். இரண்டு ஆண்டு கழித்து அதில் ஒருவர் பத்திரிகை வைக்க, நாங்கள் 500-ஐப் பழசாக நினைத்து 700 எழுதினோம். அவர் நோட்டில் எங்கள் பெயரே இல்லை. அவருக்கு 700-ம் புதுசு. நிஜமாக 500 வைத்த முருகேசன், தன் விருந்துக்கு நாங்கள் வராததை மனதில் வைத்துக்கொண்டு ஒரு ஆண்டு பேசாமல் இருந்தார். பிறகு தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார்.

அதிலிருந்து ஊர், தெரு, அப்பா பெயர், வீட்டுப் பட்டப்பெயர் நான்கும் இல்லாமல் ஒரு வரியும் எழுதுவதில்லை. நான்கில் பட்டப்பெயர்தான் அதிகம் உதவுகிறது. போன் நம்பர் ஐந்து ஆண்டில் மாறிவிடும், ‘கொல்லன்தோப்பு வீடு’ மாறாது. மொய்க்குப் பத்திரம் கிடையாது, கையெழுத்தும் சாட்சியும் கிடையாது. கொடுத்தவர் வீட்டில் ஒரு நோட்டு, வாங்கியவர் வீட்டில் ஒரு நோட்டு, இரண்டும் ஒத்துப்போனால் போதும். அதனால் நாங்கள் மொய் செய்யப் போகும் இடத்திலும், வீடு திரும்பியதும் எங்கள் நோட்டில் தேதியோடு எழுதிவிடுகிறோம். பல வீடுகளில் வாங்கியதை அழகாக எழுதி வைத்திருக்கிறார்கள், கொடுத்ததை ஞாபகத்தில் வைத்திருக்கிறார்கள். தகராறு பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது.

2018 ஆடியில் 7,30,000 வந்தது. வந்த உடனே வீட்டு மாடியைக் கட்டத் தொடங்கிவிட்டோம், தோப்பு வருமானத்தில் மொய்யைத் திருப்பிவிடலாம் என்ற நம்பிக்கை. நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல். விடிந்து போய்ப் பார்த்தால் தோப்பில் பாதி மரங்கள் வேரோடு கிடந்தன. தென்னங்கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டு வேண்டும். ஆனால் அடுத்த ஆடி ஏழெட்டு மாதத்தில் வந்துவிடும். 2019-இல் ஆடி, ஆவணி இரண்டு மாதத்தில் மட்டும் 62 பத்திரிகை. பழசைத் திருப்பவே 1,20,000 வேண்டியிருந்தது. அம்மாவின் நகையை வங்கியில் வைத்தோம். வட்டியில்லாத கடனை அடைக்க வட்டிக்குக் கடன்.

அந்த ஆண்டு நாங்கள் செய்த ஒரே உருப்படியான காரியம், போகும் இடத்திலெல்லாம் முன்கூட்டியே சொன்னதுதான். ‘பழசை மட்டும் வைக்கிறோம், முடித்துக்கொள்வதாக நினைக்காதீர்கள், தோப்பு எழுந்ததும் புதுசு வைக்கிறோம்’ என்று அப்பா நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் நோட்டில் அந்த வரிகளுக்கு எதிரே ‘கஜா’ என்று ஒரு குறிப்பு. பலரும் அதே நிலையில் இருந்ததால் ஏற்றுக்கொண்டார்கள். சொல்லாமல் பழசை மட்டும் வைத்த இடங்களில் ஏழெட்டுக் கணக்கு முறிந்துபோனது. மொய்யில் தவணை நம் வசதிக்கு வராது, அவர் விருந்து வைக்கும் நாளில் வரும். இப்போது தொகை வந்ததும் மூன்றில் ஒரு பங்கை வங்கியில் தனியாகப் போட்டுவிடுகிறோம், அதைத் தொடுவதில்லை. அந்தப் பழக்கத்தை 2018-லேயே வைத்திருந்தால் நகை தப்பியிருக்கும்.

மூன்றாவது முறை கம்ப்யூட்டர். ஆள், லேப்டாப், பில் அடிக்கும் சின்னப் பிரிண்டர், பணம் எண்ணும் மெஷின் எல்லாம் அவர்களே கொண்டுவருவார்கள். பெயரைத் தட்டினால் பழைய பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளும், எழுதியவருக்கு உடனே பில் வரும், இரவில் ஊர்வாரியாகக் கூட்டல் தயார். நோட்டில் மூன்று நாள் பிடித்த வேலை அரைமணியில் முடிந்தது. 412 பேர், ஒரு ரூபாய்கூட வித்தியாசமில்லை.

குறைகளும் உண்டு. அந்தப் பில் காகிதம் பேருந்து டிக்கெட் மாதிரி, ஒன்றிரண்டு ஆண்டில் எழுத்து மங்கிவிடுகிறது. அதைப் பத்திரமாக வைத்திருந்த ஒருவர் வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். பென் டிரைவில் கொடுத்த பட்டியல் பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தது, என் போனில் திறந்தால் வெறும் கிறுக்கல். யூனிகோடில் மாற்றித் தரச் சொல்லி இரண்டு மாதம் அலைந்தேன். ஜிபேயில் வந்த மொய்யும் ஒரு தலைவலி. சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளை தன் நண்பன் நம்பரிலிருந்து அனுப்பச் சொன்னார், பட்டியலில் நண்பன் பெயர் ஏறிவிட்டது. இப்போது ஜிபேயில் அனுப்புகிறவர்களிடம் யார் பெயரில் எழுதவேண்டும் என்று ஒரு குரல் பதிவு கேட்டு வாங்கிவிடுகிறேன். அச்சிட்ட பட்டியலைத் தைத்து வைத்திருந்தாலும், பெரிய நோட்டில் கையால் எழுதுவதையும் விடவில்லை.

எங்கள் வீட்டில் இன்னும் தீராதது ஒன்றுதான். தம்பியும் நானும் போன ஆண்டு பங்கு பிரித்தோம். நிலத்துக்கு அளந்து கல் ஊன்றியாயிற்று. மொய் நோட்டில் 412 வரி, அதில் பாதி எங்கள் இருவருக்கும் பொதுவான பழக்கம். யார் திருப்புவது, யார் வாங்குவது? அப்பா ஊர்வாரியாகப் பிரிக்கலாம் என்கிறார், மேற்கே உள்ள ஊர்கள் எனக்கு, கிழக்கே தம்பிக்கு. தம்பி பக்கம் வாங்கவேண்டியது அதிகம், என் பக்கம் கொடுக்கவேண்டியது அதிகம். வித்தியாசம் 38,000. அதைப் பணமாகத் தரத் தம்பி ஒத்துக்கொண்டுவிட்டான். ஆனால் 412 பேரிடமும் போய் ‘இனி உங்கள் கணக்கு இவனோடு’ என்று சொல்லவேண்டும். ஆடிக்குள் 150 வீடு முடித்திருக்கிறோம், இருவரும் ஒரே வண்டியில் போய்.