பில்லிங் மென்பொருள்: ஆள் கணக்கா, பயன்பாட்டுக் கணக்கா? ஆத்தங்குடி பட்டறை அனுபவம்

ஆத்தங்குடியில் எங்களுக்கு டைல்ஸ் பட்டறை, காரைக்குடியில் ஒரு சின்ன ஆபீஸ். கொட்டேஷன், டெலிவரி சலான், இன்வாய்ஸ், இ-வே பில் எல்லாம் ஒரே மென்பொருளில்தான் ஓடுகிறது. முதல் இரண்டு வருஷம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டினோம். அப்புறம் ஆவணத்துக்கு இவ்வளவு என்ற பிளானுக்கு மாறினோம். இப்போது இரண்டும் கலந்த ஒன்றில் இருக்கிறோம். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த விலை முறை எந்த மென்பொருளில் வந்தாலும் இதே சிக்கல்தான்.

ஆள் கணக்கில் ஒரு லாகினுக்கு மாதம் 750 ரூபாய். நான், கணக்குப்பிள்ளை, ஆபீஸில் ஒரு பெண், பட்டறை மேஸ்திரி, சென்னையில் ஆர்டர் பிடிக்கும் மச்சான் என்று ஐந்து பேருக்கு மாதம் 3,750. வருஷத்துக்கு 45,000, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. தொகை எப்போதும் ஒன்றுதான் என்பது நிம்மதி. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கல் காயாது, வேலை பாதியாகும்; சந்தா மட்டும் குறையாது. வருஷ ஒப்பந்தம் என்பதால் நடுவில் ஒரு லாகினைக் கூட்ட விடுவார்கள், குறைக்க விடமாட்டார்கள்.

பணத்தை விடப் பெரிய தொந்தரவு லாகினைப் பகிர்ந்ததில் வந்தது. மேஸ்திரி ஒரு நாளில் இரண்டு தடவைதான் திறப்பார். அதற்கு 750 ஏன் என்று அவர் லாகினை எடுத்துவிட்டு, ஆபீஸ் பெண்ணின் பாஸ்வேர்டையே கொடுத்தோம். அவர் உள்ளே வந்தால் இந்தப் பெண் வெளியே விழுவாள். அது கூடப் பரவாயில்லை. ஒரு சலானில் தள்ளுபடி மாறியிருந்தது. யார் மாற்றினது என்று திருத்தப் பதிவைப் பார்த்தால் எல்லா வரியிலும் ஒரே பெயர். பிரைவேட் லிமிடெட் கம்பெனி வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தப் பதிவு இருந்தாக வேண்டும் என்பது விதி. மூன்று பேர் ஒரே பெயரில் வேலை செய்தால் அந்தப் பதிவு இருந்தும் பயனில்லை.

அப்புறம் ஆவணக் கணக்குக்கு மாறினோம். எத்தனை பேர் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். ஓர் ஆவணத்துக்கு 9 ரூபாய், மாதக் குறைந்தபட்சம் 900. மச்சானின் உதவியாளர், ஆடிட்டர் என்று எல்லோருக்கும் சொந்த லாகின் கிடைத்தது. 3,750-ஐ 9-ஆல் வகுத்தால் 416. மாதம் 416 ஆவணத்துக்குக் கீழே இருந்தால் லாபம் என்பது எங்கள் கணக்கு.

ஆனால் எதை ஆவணம் என்று எண்ணுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. டைல்ஸ் வியாபாரத்தில் ஒரே கொட்டேஷனில் யாரும் முடிவு செய்வதில்லை. பார்டர் நிறம் மாறும், அறையின் அளவு மாறும், ஆர்க்கிடெக்ட் ஒன்று சொல்வார், வீட்டுக்கார அம்மா வேறு சொல்வார். ஒரு விசாரிப்புக்கு சராசரியாக மூன்று கொட்டேஷன் போகும். அனுப்பிய கொட்டேஷனைத் திருத்தினால் அது புது ஆவணம். வேலை அதிகமுள்ள மாதத்தில் 110 விசாரிப்பு வந்தால் கொட்டேஷன் மட்டும் 330. அதில் 36 ஆர்டராகும். ஓர் ஆர்டருக்கு புரொஃபார்மா ஒன்று, லோடு பிரித்து அனுப்புவதால் சலான் மூன்று, இன்வாய்ஸ் ஒன்று என 180. மொத்தம் 510, பில் 4,590. நடுத்தர மாதங்களில் 280 ஆவணம், 2,520. மழை மாதங்களில் குறைந்தபட்சம் 900. அப்படி நான்கு, ஐந்து, மூன்று மாதங்கள் என்று வைத்தால் வருஷத்துக்கு 33,660. பழைய பிளானை விட 11,340 மிச்சம்.

காகிதத்தில் அது மிச்சம்தான். ஒவ்வொரு தட்டலுக்கும் 9 ரூபாய் என்று தெரிந்ததும் ஆபீஸில் எல்லோருடைய கையும் இறுகிவிட்டது. "அண்ணே, இந்தச் சின்ன மாற்றத்தை வாட்ஸ்அப்பிலேயே சொல்லிடுறேன், எதுக்கு இன்னொரு கொட்டேஷன்?" என்று கணக்குப்பிள்ளை கேட்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பெங்களூரு வீடு ஒன்றுக்கு வராந்தா பார்டரைச் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாற்றச் சொன்னது இப்படித்தான் போனில் நின்றுவிட்டது. மேஸ்திரி மென்பொருளில் இருந்த பழைய கொட்டேஷனைப் பார்த்துச் சிவப்பில் 300 கல் போட்டுவிட்டார். கண்ணாடியில் வார்த்து எடுத்த கல்லின் நிறத்தைப் பிறகு மாற்ற முடியாது. கல் 40 ரூபாய் என்றாலும் 12,000. வருஷம் முழுக்க மிச்சம் பிடித்தது அந்த ஓர் ஆர்டரிலேயே போனது.

ஆள் கணக்கில் நாங்கள் ஆட்களை வெளியே நிறுத்தினோம். ஆவணக் கணக்கில் வேலையை வெளியே நிறுத்தினோம். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது. மென்பொருளில் உள்ள திருத்தங்களின் எண்ணிக்கை திடீரென்று குறைந்து, வாட்ஸ்அப்பில் "ஓகே, மாத்திடுறோம்" என்ற பதில்கள் கூடினால் அதுதான் அறிகுறி.

பில்லையும் அப்படியே நம்ப வேண்டாம். மாதம் முடிந்ததும் ஆவணப் பட்டியலை எக்செலில் இறக்கி, எண் வாரியாக அடுக்கிப் பார்ப்பேன். ஒரு மாதம் எங்கள் பட்டியலை விடப் பில்லில் அதிகம் இருந்தது. 50,000 ரூபாய்க்கு மேல் வெளிமாநிலம் போகும் லோடுக்கு இ-வே பில் வேண்டும். பின்கோடு தூரம் பொருந்தாமல் பிழை வந்ததால் திரும்பத் திரும்ப முயன்றிருக்கிறோம், ஒவ்வொரு முயற்சியையும் எண்ணியிருக்கிறார்கள். ரத்து செய்த சலானும் எண்ணிக்கையில் இருந்தது. முதலாவதற்குப் பணம் திரும்பியது. ரத்து செய்ததற்கு, "ஒப்பந்தத்தில் இருக்கிறது" என்றார்கள். பார்த்தேன், இருந்தது.

ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அந்தப் பட்டியலையே அவர்கள் முன் வைத்தேன். கொட்டேஷனைச் சேமிப்பதால் அவர்களுக்கு ஆகும் செலவு சொற்பம். இ-வே பில்லுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான் இடையில் உள்ளவர்களுக்குக் காசு போகும். அதனால் கொட்டேஷனை எண்ணாமல் விடுங்கள் என்றேன். இரண்டு தடவை பேசிய பிறகு ஒத்துக்கொண்டார்கள். இப்போது எனக்கும் கணக்குப்பிள்ளைக்கும் முழு லாகின், மாதம் 1,500. மற்றவர்கள் கொட்டேஷன், சலான் போடலாம், விலையைத் தொட முடியாது, அவர்கள் லாகினுக்குக் காசில்லை. ஆர்டருக்குப் பிறகு வரும் ஆவணத்துக்கு மட்டும் 9. அதிக வேலையுள்ள மாதத்தில் 180 ஆவணம், 3,120. நடுத்தர மாதத்தில் 100, 2,400. மழையில் 30 தான், 1,770. வருஷத்துக்கு 29,790.

ஒரே குறை, ஆவண எண்ணிக்கை நாங்கள் வைத்த மாத அளவை மீறினால் நிறுத்தும் வசதி இன்னும் இல்லை. அந்த அளவில் 80 சதவீதத்தைத் தொட்டால் மின்னஞ்சல் வருகிறது, அதுவும் ஒரு நாள் தாமதமாக. அடுத்த வருஷப் பேச்சில் ஒரு லாகினுக்கு விலை ஏற்றுவார்கள் என்று மச்சான் சொல்கிறார். ஏற்றினால் இந்த உச்சவரம்பைக் கேட்டு வாங்குவதாக இருக்கிறேன்.